ஷட்டில் ஆடும் பிள்ளைகளுக்குப் பவர் கண்ணாடி போதுமா?

காவேரிப்பட்டணம் அப்பா
11 பிப்ரவரி 2025, இரவு 10.40

என் மகளுக்கு 12 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.25 பவர். ஊருக்கு வெளியே ஒரு பழைய புளி குடோனை ஷட்டில் கோர்ட் ஆக்கியிருக்கிறார்கள், அங்கே இரண்டு வருடமாகப் போகிறாள். ஜனவரி 29 சாயங்காலம் டபுள்ஸ் ஆட்டத்தில் நெட் பக்கம் நின்றவள், பின்னால் பார்ட்னர் என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். அதே நொடியில் பார்ட்னர் அடித்த காக் நேராக இடது கண்ணில். அப்போது கண்ணாடி போடவில்லை. "ஆடும்போது கழற்றி வை, உடைஞ்சுடும்" என்று கோச் சொல்லியிருந்தார்.

கண்ணாடி போட்டிருந்தால் தப்பித்திருப்பாள் என்பது என் எண்ணம். கழற்றச் சொன்னது தப்புதானே? இனி பவர் கண்ணாடியோடு மட்டும்தான் ஆட விடுவேன் என்று கோச்சிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் இங்கே கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

ஓசூர் பேக்ஹேண்ட்
11 பிப்ரவரி, இரவு 11.15

பாப்பா நல்லா ஆகட்டும் சார். ஆனால் கண்ணாடி விஷயம் அப்புறம். டபுள்ஸில் முன்னால் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது, ராக்கெட்டை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும். இதை முதல் மாதமே சொல்லித்தர வேண்டும். நான் 14 வருடமாக ஆடுகிறேன், கண்ணில் ஒரு அடி பட்டதில்லை. அடி படுவது புதிதாக வருகிறவர்களுக்குத்தான். தவிர காக் 5 கிராம்தான். கிரிக்கெட் பந்து மாதிரி இல்லை.

காவேரிப்பட்டணம் அப்பா
12 பிப்ரவரி, காலை 6.05

5 கிராம் என்ன செய்தது என்று எழுதுகிறேன். இன்னொருவர் வீட்டில் இதைத் தவறவிட்டுவிடக் கூடாது.

அடி பட்டதும் ஒரு நிமிடம் மங்கல், அப்புறம் தெரிகிறது என்றாள். வெளியே வீக்கம் இல்லை, இமையில் கீறல்கூட இல்லை. கோர்ட்டில் ஐஸ் வைத்தார்கள். யாரோ பையிலிருந்து ஏதோ ஒரு சொட்டு மருந்தும் விட்டார்கள். நானும் வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டேன்.

மறுநாள் எழுந்ததும் "அப்பா, ஒரே புகையா இருக்கு" என்றாள். உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனதும் கொஞ்சம் தெளிந்தது. ஜன்னல் பக்கம் நிற்க வைத்துப் பார்த்தேன். கருவிழிக்குக் கீழ் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. டம்ளரில் டிகாஷன் தங்கியது போல, மேல்மட்டம் நேராக இருந்தது. கண்ணுக்குள்ளே ரத்தம். படுத்திருந்தபோது பரவி மறைத்திருக்கிறது, உட்கார்ந்ததும் கீழே இறங்கியிருக்கிறது.

கண் டாக்டர் அளந்து 2 மி.மீ. என்றார். கண் அழுத்தம் 28. சாதாரணமாக 21க்குள் இருக்க வேண்டுமாம். முதல் ஐந்து நாளும் தினமும் வரச் சொன்னார். நின்ற ரத்தம் மறுபடி கசிவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான், அது முதல் கசிவைவிட மோசமாக இருக்கும் என்றார். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூக்கம். கண் மேல் அழுத்தாத கெட்டியான மூடி. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் பக்கமே போகக் கூடாது. பாவையை விரிக்க அட்ரோபின் சொட்டு. ஆறாம் நாள் ரத்தம் முழுவதும் கரைந்தது, அழுத்தம் 17க்கு வந்தது. இன்னும் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது.

தருமபுரி லென்ஸ்
12 பிப்ரவரி, மதியம் 2.30

ஆப்டோமெட்ரிஸ்ட். தருமபுரியில் 22 வருடமாகக் கண்ணாடிக் கடை.

அப்பாவுக்கு முதலில் பதில். சாதாரணப் பவர் கண்ணாடி அந்த அடியில் பாப்பாவைக் காப்பாற்றியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. உடைந்து துண்டு உள்ளே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அடியில் ரத்தம் கட்டிய கண்ணைவிட லென்ஸ் துண்டு கிழித்த கண் மோசம், அதற்கு ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். கோச் கழற்றச் சொன்னது பாதி சரி. கழற்றிவிட்டு வெறும் கண்ணோடு ஆடவிட்டதுதான் பிழை.

ஏன் என்று ஒரு கணக்கு. அன்றாடக் கண்ணாடி லென்ஸுக்கு அமெரிக்காவில் வைக்கும் சோதனை இது. சுமார் 16 கிராம் எஃகுக் குண்டை 1.27 மீட்டர் உயரத்திலிருந்து லென்ஸ் மேல் விடுவார்கள். உடையக் கூடாது. அந்தக் குண்டு கொண்டுவரும் ஆற்றல் 0.2 ஜூல். இப்போது 5 கிராம் காக்கை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஓசூர் தம்பிக்கு: கண் குழியின் வாய் ஏறக்குறைய 4 செ.மீ. அகலம். கிரிக்கெட் பந்து 7 செ.மீ.க்கு மேல், புருவ எலும்பும் கன்ன எலும்பும் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். காக்கின் கார்க் 25 முதல் 28 மி.மீ. எலும்பைத் தொடாமலே கண்ணில் உட்காரும். எடை குறைவு என்று நினைத்து ஏமாறும் இடம் இதுதான்.

காவேரிப்பட்டணம் அப்பா
12 பிப்ரவரி, இரவு 9.10

போட்டேன். பாதி × 0.005 × 100 × 100 = 25 ஜூல். நூறு மடங்குக்கும் மேலே வருகிறதே?

தருமபுரி லென்ஸ்
12 பிப்ரவரி, இரவு 9.50

கி.மீ.யை மீட்டராக்க மறந்துவிட்டீர்கள். மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். அதை வைத்தால் 1.9 ஜூல் வரும். பத்து மடங்கு. காக் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதும் உண்மை, எதிர்க் கோர்ட்டின் கடைசியிலிருந்து வருவது பாதி வேகத்தில்கூட வராது. ஆனால் பின்னால் நிற்கும் பார்ட்னர் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில்தான் நிற்கிறாள். அந்தத் தூரத்தில் வேகம் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது.

சூளகிரி வெயில்
13 பிப்ரவரி, காலை 11.20

நல்ல கேள்வி. எங்கள் பையனும் மதியம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறான். யு.வி. தடுக்கும் கூலிங் கிளாஸ் 400 ரூபாய்க்கு வாங்கினோம், கண் எரிச்சல் நின்றுவிட்டது. பாப்பாவுக்கும் அதையே வாங்கிக் கொடுங்கள்.

தருமபுரி லென்ஸ்
13 பிப்ரவரி, மதியம் 1.00

இங்கே பேச்சு வெயிலைப் பற்றி இல்லைங்க, அடியைப் பற்றி. அந்த 400 ரூபாய்க் கூலிங் கிளாஸோடு பையன் கேட்ச் பிடிக்கப் போனால் எனக்குப் பயமாக இருக்கிறது. பந்து பட்டால் அதுவும் உடையும். நிழலில் உட்கார்ந்து பார்க்கும்போது போடட்டும்.

காவேரிப்பட்டணம் அப்பா
16 பிப்ரவரி, மாலை 5.30

முதல் பதிவில் நான் எழுதியது தவறு. கோச்சிடம் பவர் கண்ணாடி பற்றிப் பேசவிருந்ததை நிறுத்திவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். கடைக்காரர் "இது ஃபைபர் லென்ஸ், உடையாது" என்று சொல்லித்தானே போன வருடம் கொடுத்தார்? ஃபைபர் என்றால் போதாதா?

தருமபுரி லென்ஸ்
16 பிப்ரவரி, இரவு 8.45

நம்ம ஊரில் கண்ணாடி அல்லாத எல்லா லென்ஸுக்கும் ஃபைபர் என்றுதான் பெயர். அது கீழே விழுந்தால் உடையாது. அதிலிருந்து ஆட்டத்துக்கு ஆகும் என்று முடிவுக்கு வரக் கூடாது. நீங்கள் கேட்க வேண்டிய பெயர் பாலிகார்பனேட். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது எனக்கே கஷ்டம். அதனால் லென்ஸ் வந்த காகித உறையைக் கேட்டு வாங்குங்கள். அதில் 1.59 என்று இருந்தால் பாலிகார்பனேட். 1.50 அல்லது 1.56 என்றால் சாதாரண ஃபைபர். 1.56ஐ "மெல்லிசு, உயர்ந்த ரகம்" என்று விற்பார்கள். மெல்லிசுதான், அடி தாங்காது.

லென்ஸ் மட்டும் மாற்றினாலும் போதாது. வழக்கமான ஃபிரேமில் லென்ஸை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ தள்ளினால் வெளியே வரும். அடி பட்டால் உடையாத லென்ஸ் முழுசாகக் கழன்று கண்ணில் மோதும். விளையாட்டு ஃபிரேமில் பின்பக்கம் ஒரு வரப்பு இருக்கும், லென்ஸ் முகத்தின் பக்கம் விழ முடியாது. தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை.

பென்னாகரம் ஒத்தைக்கண்
17 பிப்ரவரி, காலை 7.40

நான் விளையாட்டுக்காரன் இல்லை. சின்ன வயதில் கிட்டிப்புள் ஆடும்போது புள் வலது கண்ணில் பட்டது. எனக்கு 9 வயது. வீட்டில் தாய்ப்பால் விட்டார்கள், அப்புறம் பச்சிலை. மூன்றாம் நாள் சேலம் கூட்டிப் போனார்கள். கண் போய்விட்டது. இப்போது 46 வயது. லாரி லைசென்ஸ் கிடைக்காததால் அப்பாவின் வண்டியை ஓட்ட முடியவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. என் மகன் 10 வயது, பிறவியிலேயே ஒரு கண் சோம்பல் கண், கண்ணாடி போட்டும் பெரிய எழுத்துதான் தெரியும். பள்ளியில் ஷட்டிலுக்குச் சேர்த்திருக்கிறார்கள். விடலாமா?

தருமபுரி லென்ஸ்
17 பிப்ரவரி, மதியம் 12.15

அண்ணா, உங்கள் மகனுக்கு இது விருப்பம் இல்லை, கட்டாயம். ஒரு கண் மட்டும் நன்றாகத் தெரியும் பிள்ளை எந்தப் பந்து விளையாட்டிலும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்கக் கூடாது, பயிற்சியில்கூட. அது இருந்தால் ஷட்டில் ஆடலாம். பள்ளி நேரத்திலும் அவனுக்குப் பாலிகார்பனேட் லென்ஸே போடுங்கள், பவர் குறைவாக இருந்தாலும். சோம்பல் கண்ணுக்கு இப்போதும் வைத்தியம் உண்டா என்று கண் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். 10 வயது என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

பாலக்கோடு பி.இ.டி.
17 பிப்ரவரி, இரவு 8.20

உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளியில் ஷட்டிலைவிடக் கிரிக்கெட்டில்தான் பயம். விக்கெட் கீப்பர் பையன் ஸ்டம்புக்கு ஒட்டி நிற்பான், ஹெல்மெட் கிடையாது. 2012இல் இங்கிலாந்தில் டான்டன் மைதானத்தில் பெயில்ஸ் பறந்து கண்ணில் பட்டுத் தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சரின் ஆட்டமே முடிந்தது. ஹெல்மெட் இருந்தாலும் பெரியவர் ஹெல்மெட்டைச் சின்னப் பையனுக்குப் போட்டால் கம்பிக்கும் நெற்றி விளிம்புக்கும் நடுவில் பந்து நுழையும் இடைவெளி இருக்கிறது. சிறுவர் பந்து இன்னும் சிறியது. இதைச் சொல்லிவிட்டு ஷட்டிலுக்கே விட்டுவிடுகிறேன், இழை திசை மாறிவிடும்.

காவேரிப்பட்டணம் அப்பா
2 மார்ச், இரவு 10.00

இன்று கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடையில் கிரைண்டிங் வேலைக்குப் போடும் கண்ணாடி வாங்கினேன், 160 ரூபாய். பாலிகார்பனேட் என்று அச்சடித்திருக்கிறது. போதும்தானே?

வீட்டில் ஒரு சோதனை செய்தேன். மகள் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். நான் காக்கைக் கையில் பிடித்துக் கார்க்கை மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து மெதுவாக உள்ளே தள்ளப் பார்த்தேன். முன்னாலிருந்து வரவில்லை. ஆனால் கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கார்க் முழுசாக நுழைந்து இமையைத் தொட்டது. பெரியவர் முகத்துக்குச் செய்தது, அவள் முகத்தில் தொங்குகிறது.

தருமபுரி லென்ஸ்
3 மார்ச், காலை 9.15

நல்ல சோதனை, என் கடையில் இனி நானும் செய்வேன். வேலைக் கண்ணாடி பறந்து வரும் சிறு துகளுக்காகச் செய்தது. பந்து மாதிரி ஒன்று மோதினால் ஃபிரேம் எங்கே போகும் என்பது வேறு சோதனை. ஆன்லைனில் தேடும்போது `ASTM F3164` அல்லது `ASTM F803` என்று தட்டச்சு செய்யுங்கள், ராக்கெட் விளையாட்டுக்கான தர எண்கள் அவை. பொட்டலத்திலோ ஃபிரேமிலோ அச்சடித்திருக்க வேண்டும். "ஸ்போர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். லென்ஸே இல்லாமல் வெறும் கம்பிச் சட்டம் மாதிரி ஒன்று வரும், அதையும் வேண்டாம். ஸ்குவாஷில் அதைப் போட்டவர்களுக்கே அடி பட்டிருக்கிறது. வேகத்தில் பந்து நசுங்கி இடைவெளி வழியே வந்துவிடும், கார்க் நசுங்காமலே வந்துவிடும்.

ஸ்குவாஷில் சிறுவர் போட்டிகளில் கண் காப்பு கட்டாயம். பேட்மிண்டன் உலக அமைப்பு அப்படி விதி வைக்கவில்லை. இருந்தும் போட்டு ஆடத் தடையில்லை. கோச் "டோர்னமெண்டில் விடமாட்டார்கள்" என்றால் அது சரியில்லை.

ஓசூர் பேக்ஹேண்ட்
3 மார்ச், இரவு 11.30

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். "புதியவர்களுக்குத்தான் படும்" என்று எழுதினேன். எங்கள் கம்பெனி டீமில் கேட்டேன். நான்கு பேருக்குப் பட்டிருக்கிறது, நாலு பேருமே பத்து வருட ஆட்டக்காரர்கள். ஒருவருக்கு ராக்கெட் விளிம்பு. ஆனால் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லித்தருவதை விடமாட்டேன். கண்ணாடி போட்ட தைரியத்தில் பிள்ளைகள் நெட்டில் முகத்தை நீட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்பது என் பயம்.

காவேரிப்பட்டணம் அப்பா
9 மார்ச், காலை 7.00

ஓசூர் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டுமே வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. என் மகளுக்குத் திரும்பாதே என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். 11 வயது 12 வயதில் ஆட்ட மும்முரத்தில் திரும்பத்தான் செய்யும்.

நேற்று ஒரு மாதச் சோதனை. பாவையை விரித்து விழித்திரை ஓரம் முழுக்கப் பார்த்தார், கிழிசல் இல்லை. முதல் வாரம் கண்ணை அழுத்தி ஓரம் பார்க்க முடியாது என்பதால் இப்போதுதான் இது. அப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று உள்ளே வைத்த லென்ஸைக் கண் மேல் ஒட்டி, கருவிழி ஓரத்தில் நீர் வடியும் மூலையைப் பார்த்தார். அங்கே கால் வட்டம் அளவுக்குத் தசை பிய்ந்து பின்வாங்கியிருக்கிறது. முதல் நாள் ரத்தம் வந்த இடமே அதுதானாம்.

அந்த வடிகால் பல வருடம் கழித்து அடைக்கலாம். வலிக்காது, மங்காது, அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போய் நரம்பைத் தின்னும். அரை வட்டத்துக்கு மேல் பிய்ந்தவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம், இவளுக்குக் கால் வட்டம்தான். ஆனாலும் வருடா வருடம் கண் அழுத்தம் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. கல்யாணம் ஆகி வேறு ஊர் போனாலும் இந்தச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள் என்றார் டாக்டர். அம்மாவும் பிள்ளையும் வரும் வழியில் பேசவே இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு: சின்ன வயதில் கண்ணில் பந்து பட்டு ரத்தம் கட்டி "சரியாகிவிட்டது" என்று விட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மூலைச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.

பாலக்கோடு பி.இ.டி.
9 மார்ச், மதியம் 3.40

எனக்கு. 1994. ஹாக்கிப் பந்து. யாரும் பார்க்கச் சொல்லவில்லை. அடுத்த வாரம் போகிறேன்.

காவேரிப்பட்டணம் அப்பா
20 ஏப்ரல், இரவு 9.30

கண்ணாடி வந்து மூன்று வாரம் ஆகிறது. சிறுவர் அளவு, தர எண் அச்சடித்தது, உள்ளே அவள் பவரில் பாலிகார்பனேட் லென்ஸ். கார்க் சோதனையில் எந்தப் பக்கமும் நுழையவில்லை.

பழகுவது எளிதாக இல்லை. முதல் வாரம் பக்கவாட்டுக் காக்கை விட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வாரம் அது போய்விட்டது. நிற்காத தொல்லை ஆவி பிடிப்பது. குடோனில் காற்றே வராது, மூன்றாவது கேமில் புகை மூடுகிறது. உடனே கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு ஆடுகிறாள். அதுவும் நெட்டில் நிற்கும்போது. அதற்காகவா இவ்வளவு செலவு செய்தேன்? என்ன வழி?

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் ஆவி பிடிக்காது என்று கோச் சொன்னார்.

தருமபுரி லென்ஸ்
20 ஏப்ரல், இரவு 10.10

ஸ்பிரிட், அசிட்டோன், தின்னர் எதுவும் வேண்டாம். அசிட்டோன், தின்னர் பட்டால் பாலிகார்பனேட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடும், அதன் பிறகு அது பாதுகாப்புக் கண்ணாடியே இல்லை. ஸ்பிரிட் மேல் பூச்சைக் கெடுக்கும். மேட்ச் முன் ஒரு சொட்டு பாத்திர சோப்பை விரலால் தடவி, தண்ணீரில் லேசாக அலசி, உதறி உலர விடுங்கள். ஒரு மணி நேரம் தாங்கும். ஃபிரேம் மேல் பக்கம் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், புருவத்தோடு பஞ்சு ஒட்டியிருந்தால் துளை அடைபட்டிருக்கும். டி-ஷர்ட்டால் உலர்ந்த லென்ஸைத் துடைக்கக் கூடாது, கோடு விழும், கோடு விழுந்தால் பிள்ளை கழற்றத்தான் பார்க்கும். பலமான ஒரு அடி நேராகப் பட்டால் நன்றாகத் தெரிந்தாலும் லென்ஸை மாற்றிவிடுங்கள்.

பாலக்கோடு பி.இ.டி.
4 மே, இரவு 7.50

மூலைச் சோதனை செய்தேன். அரை வட்டத்துக்கு மேல் பிய்ந்திருக்கிறது. அழுத்தம் அந்தக் கண்ணில் 26, மற்றதில் 15. சொட்டு மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. 31 வருடம் ஒன்றும் தெரியவில்லை. காவேரிப்பட்டணம் சார், நன்றி.

பென்னாகரம் ஒத்தைக்கண்
5 மே, காலை 6.30

மகனுக்கு வாங்கிவிட்டேன். அவன் கிளாஸ் பசங்க "பைலட்" என்று கூப்பிடுகிறார்களாம். அவனுக்கு அது பிடித்திருக்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறான்.

காவேரிப்பட்டணம் அப்பா
17 ஆகஸ்ட், இரவு 9.45

அரையாண்டுச் சோதனை. அழுத்தம் 16, பார்வை பழையபடி. இடது பாவை மட்டும் வலதைவிடக் கொஞ்சம் பெரிது. அட்ரோபின் நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது, அதனால் மருந்தின் வேலை இல்லை, அடியில் பாவைத் தசை லேசாகக் கிழிந்ததுதான். அப்படியே இருக்கும் என்றார். போட்டோவில் நான் மட்டும் கவனிக்கிறேன்.

கோர்ட்டில் பேசினேன். கோச் கட்டாயமாக்க மாட்டேன் என்றுவிட்டார், பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை, இங்கே மாதக் கட்டணம் கட்டவே சிரமப்படும் வீடுகள் உண்டு. பெற்றோர் ஐந்து பேர் சேர்ந்து பவர் இல்லாத ஆறு ஜோடி வாங்கிக் கோர்ட்டில் வைத்திருக்கிறோம். டபுள்ஸில் நெட்டில் நிற்கிற பிள்ளை போட வேண்டும் என்று மட்டும் கோச் ஒத்துக்கொண்டார். பவர் உள்ள பிள்ளைகளுக்கு இது உதவாது, தங்கள் கண்ணாடிக்கு மேல் மாட்ட முடியாது. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

8 வயதுக் குழந்தைகள் இரண்டு பேருக்கு மூக்கில் நிற்காமல் நழுவுகிறது, கார்க் கீழே நுழைகிறது. பட்டையை இறுக்கினால் காது வலிக்கிறது என்கிறார்கள். சிறிய மூக்குப் பட்டை தனியாகக் கிடைக்குமா, தருமபுரி சார்?